எக்கோ அறிக்கையில் 60 சதவீதம்: எப்போது நிம்மதி, எப்போது இல்லை

"அப்பாவின் எக்கோவில் இ.எஃப் 58 சதவீதம் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் 42 சதவீத இதயம் பழுதாகிவிட்டதா, டாக்டர்? இரண்டு நாளாகத் தூக்கமில்லை."

இல்லை அம்மா, நிம்மதியாகத் தூங்குங்கள். அது நூற்றுக்கு எடுத்த மதிப்பெண் அல்ல. இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் இ.எஃப். இடது கீழறை விரிந்து நிரம்பும்போது அதில் 120 மில்லி இரத்தம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருங்கி முடித்த பிறகு 50 மில்லி உள்ளேயே தங்கும், 70 மில்லி வெளியே போகும். 120இல் 70 என்பதுதான் அந்த 58. எந்த நல்ல இதயமும் உள்ளிருப்பதை முழுவதுமாகப் பிழிந்து வெளியேற்றுவதில்லை. ஆண்களுக்கு 52 முதல் 72 வரை, பெண்களுக்கு 54 முதல் 74 வரை இயல்பு என்று கொள்கிறோம்.

"எனக்கு ட்ரிவியல் எம்.ஆர், மைல்ட் டி.ஆர் என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு வால்வும் ஓட்டையா?"

ஓட்டை வேறு, கசிவு வேறு. வால்வு மூடும் நொடியில் சிறிது இரத்தம் பின்னால் நழுவுவதுதான் கசிவு. எம்.ஆர் என்பது இடப்பக்க மைட்ரல் வால்வின் கசிவு, டி.ஆர் என்பது வலப்பக்க ட்ரைகஸ்பிட் வால்வின் கசிவு. ட்ரிவியல் என்றால் மிகச் சொற்பம், மைல்ட் என்றால் லேசானது. எக்கோ கருவி அதை வண்ணத்தில் காட்டிவிடுவதால், ஒரு நோயும் இல்லாதவர்களிடமும் ட்ரிவியல் கசிவைப் பார்க்கிறோம். வலப்பக்க வால்வின் கசிவு எங்களுக்குப் பயன்படவும் செய்கிறது. அதன் வேகத்தை வைத்துத்தான் நுரையீரல் இரத்தக்குழாயின் அழுத்தத்தைக் கணக்கிடுகிறோம்.

ஆனால் அந்தச் சொற்களோடு நிறுத்தாமல், வால்வின் இதழ்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். இயல்பு என்றிருந்தால் கவலை வேண்டாம். தடித்திருக்கிறது என்றிருந்து, சிறுவயதில் மூட்டு வீக்கத்தோடு ருமாட்டிக் காய்ச்சலும் வந்திருந்தால், மைல்ட் கசிவாக இருந்தாலும் ஆண்டுதோறும் காட்ட வேண்டிய ஆள் நீங்கள்.

"60 இருந்தால் பயமில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் மாமியாருக்குச் சரியாக 60. மைட்ரல் வால்வில் சிவியர் கசிவு என்று சொல்லி அறுவை சிகிச்சைக்கு அவசரப்படுத்துகிறார்கள். அவர் நடக்கிறார், சமைக்கிறார், மூச்சு வாங்கவில்லை. இது பணத்துக்காகத்தானே?"

நீங்கள் கேள்விப்பட்டது வால்வு நன்றாக மூடும் இதயத்துக்குப் பொருந்தும். உங்கள் மாமியாருக்குப் பொருந்தாது.

சிவியர் கசிவில் கீழறை பெரிதாகியிருக்கும். 200 மில்லி நிரம்பி 80 மில்லி தங்குகிறது என்றால் 120 மில்லி போயிருக்கிறது, 60 சதவீதம். ஆனால் போனது எங்கே? 60 மில்லி மகாதமனி வழியாக உடலுக்குப் போகிறது. மீதி 60 மில்லி மூடாத மைட்ரல் வால்வு வழியாக மேலறைக்கே திரும்பிவிடுகிறது. அந்தப் பின்வழியில் அழுத்தம் குறைவு என்பதால் தசைக்குத் தள்ளுவது எளிது. தசை தளரத் தொடங்கிய பின்பும் எண் அழகாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். வால்வைச் சரிசெய்து பின்வழியை அடைத்ததும் இ.எஃப் இறங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மறைந்திருந்த தளர்ச்சி அப்போதுதான் வெளியே வருகிறது, தாமதித்திருந்தால் அது முழுவதும் மீள்வதுமில்லை.

அதனால்தான் வால்வே பழுதான சிவியர் கசிவில், மூச்சு வாங்காவிட்டாலும், இ.எஃப் 60ஐத் தொட்டாலோ சுருங்கிய நிலையில் கீழறையின் குறுக்களவு 40 மில்லிமீட்டரை எட்டினாலோ அறுவை சிகிச்சையைப் பேசுகிறோம். அறிக்கையில் எல்.வி.ஐ.டி.எஸ் என்ற வரியைப் பாருங்கள், அதுதான் அந்த அளவு. சந்தேகம் இருந்தால் வேறொரு இதய மருத்துவரிடம் தாராளமாகக் கேளுங்கள். ஆறு மாதம் தள்ளிப்போடாதீர்கள்.

"தசை பலவீனத்தால் வால்வு கசிவதாக என் கணவருக்குச் சொன்னார்கள். அவருக்கும் இதே கணக்கா?"

இல்லை. அவருக்கு வால்வின் இதழ்கள் நன்றாகவே இருக்கும். கீழறை விரிந்து இதழ்களை இழுத்துப் பிரித்திருக்கும். அங்கே முதலில் மருந்து. தசை தேறினால் கசிவும் குறையலாம்.

"எனக்குக் கசிவு எதுவும் இல்லை. போன வருடம் 60, இப்போது வேறு இடத்தில் எடுத்ததில் 54. இதயம் தளர்கிறதா?"

இந்த ஆறு புள்ளியை மட்டும் வைத்து என்னால் ஆமென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. ஒரே மனிதரை ஒரே வாரத்தில் இருவர் அளந்தாலே ஐந்தாறு புள்ளி வேறுபடும். ஒருவர் கண்ணால் மதிப்பிட்டிருப்பார், இன்னொருவர் கீழறையின் எல்லையை வரைந்து கணக்கிட்டிருப்பார். அதே இடத்தில், அதே முறையில் மீண்டும் எடுத்துப் பாருங்கள். ஆனால் இடையில் புற்றுநோய்க்கு மருந்து எடுத்திருந்தால் இன்றே உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அப்போது இந்த இறக்கத்தை இவ்வளவு எளிதாக ஒதுக்க முடியாது.

"என் எக்கோ நார்மல். அடைப்பு இல்லை என்றுதானே பொருள்? மாடி ஏறினால் மட்டும் நெஞ்சு இறுகுகிறது."

இல்லை ஐயா. எக்கோ தசையையும் வால்வையும் காட்டும். இதயத்துக்கு இரத்தம் தரும் குழாய்களுக்குள் இருக்கும் அடைப்பைக் காட்டாது. படுத்திருக்கும்போது இயல்பாக அசையும் தசை, மாடி ஏறும்போது இரத்தம் போதாமல் திணறலாம். இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். அதுவரை வேகமாக மாடி ஏற வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இறுக்கம் வந்தாலோ, வியர்வையோடு வந்தாலோ, பதிலுக்காக இங்கே காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.