அண்ணாச்சியிடம் ‘டெக்னிக்கல் டெட்’ என்ற வார்த்தையே எடுபடாது

கேள்வி: ஸ்பிரிண்ட்ல 20% டெக்னிக்கல் டெட்டுக்கும் பக் ஃபிக்ஸுக்கும் ஒதுக்கணும்னு கேட்டா, பணம் போடுறவர் “அப்போ நான் கேட்டது லேட்டாகுமா?”ங்கிறார். அவருக்கு டெக்னிக்கலா ஒண்ணும் தெரியாது. எப்படிப் புரியவைக்கிறது?

உங்கள் ஆளும் வியாபாரிதான் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாங்கள் பாளையங்கோட்டையில் நாலு பேர் டீம். நெல்லை டவுனில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு அண்ணாச்சிக்கு பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேர் செய்து தருகிறோம்.

முதலில் நானும், அவசரத்தில் எழுதிய கோடு கடன் மாதிரி, சரிசெய்யும்வரை வட்டி கட்டணும் என்ற கதையைத்தான் சொன்னேன். 1992-ல் வார்ட் கன்னிங்ஹாம் என்ற புரோகிராமர் அந்த உவமையைச் சொன்னபோது அவர் செய்துகொண்டிருந்ததே நிதி சம்பந்தப்பட்ட சாஃப்ட்வேர், அதனால் அவருக்கு எடுபட்டது. எங்கள் அண்ணாச்சி ஒரே வரியில் முடித்துவிட்டார்: “கடன் இல்லாம எவன்டே யாவாரம் பண்ணுதான்? வட்டி எவ்வளவுன்னு சொல்லு, அதைப் பேசுவோம்.”

என்னிடம் பதில் இல்லை. அதற்கப்புறம்தான் எண்ண ஆரம்பித்தோம்.

2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி மாறியது நினைவிருக்கும். சோப்பு 18-லிருந்து 5 சதவீதமானது. எங்கள் கோடில் வரிக் கணக்கு பில்லில் ஒன்று, சரக்கு ரிட்டர்னில் ஒன்று, கிரெடிட் நோட்டில் ஒன்று, ரிப்போர்ட்டில் ஒன்று என்று நாலு இடத்தில் காப்பி அடித்துக் கிடந்தது. எல்லாமே இந்த மாதிரி:

```
if category == "soap":
    tax = amount * 0.18
```

நாலு இடத்திலும் 0.05 என்று மாற்றினோம். அடுத்த வாரமே மேலப்பாளையத்துக் கடைக்காரர் ஒருவர் ஆகஸ்டில் வாங்கிய சோப்பைத் திருப்பிக் கொண்டுவந்தார். பழைய பில்லில் 2,000 ரூபாய்க்கு வரி 360. எங்கள் கிரெடிட் நோட்டில் 100. இரண்டு தாளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “மிச்சம் 260 யாரு தருவா?” என்று கேட்டிருக்கிறார். பழைய பில்லுக்கான ரிட்டர்னுக்கு அந்தப் பில்லில் போட்ட வரிதான் போகணும். எங்கள் கோடுக்கோ பில் தேதியே தெரியாது.

“டெஸ்ட் எழுதியிருந்தால் இந்தப் பக் வந்திருக்குமா?” என்று கமெண்ட் போட வருகிறவர்களுக்கு: இல்லை, வந்திருக்காது. ஆனால் இந்த கோடை எழுதினபோது எங்களுக்குக் கொடுத்த அவகாசம் மூன்று வாரம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி டீம் என்றாலே பாதி ரேட்டுக்குக் கேட்கிறார்கள், பிறகு தரம் எங்கே என்றும் கேட்கிறார்கள். அவசரமாகச் செய்யச் சொன்னதன் பலனை ஊர்மேல் போடுவது எனக்கு இன்றும் வலிக்கிறது.

சரி, கணக்குக்கு வருகிறேன். இரண்டு வார ஸ்பிரிண்டில் லீவு, மீட்டிங் போக எங்கள் கையில் 32 ஆள்-நாள். மூன்று ஸ்பிரிண்டுக்கு, திட்டத்தில் இல்லாமல் வந்த ஒவ்வொரு வேலையையும் எவ்வளவு நேரம் தின்றது, எதனால் வந்தது என்று குறித்தோம். சராசரி 11 நாள். அதில் 6 நாள் வரிக் கணக்கால் மட்டும்.

அண்ணாச்சியிடம் அதைக் காட்டிச் சொன்னேன்: “ஒவ்வொரு தடவையும் 32 நாள் வேலை தாரோம்னு சொல்லி 21 நாள் வேலைதான் அண்ணாச்சி தந்திருக்கோம். பக்குக்குன்னு நான் கேக்குத 11 நாள் புதுசு இல்ல, ஏற்கெனவே போயிட்டு இருக்கு. புதுசா கேக்குதது 4 நாள்தான். ரெண்டு ஸ்பிரிண்டு, மொத்தம் 8 நாள். வரிக் கணக்கை ஒரே இடத்துக்குக் கொண்டாந்து, பில் தேதியை வச்சு ரேட் எடுக்க வச்சிருவோம். சேல்ஸ்மேன் ரூட் ரிப்போர்ட் ஒரு ஸ்பிரிண்டு தள்ளிப் போகும்.”

“8 நாள் போட்டா, தடவைக்கு 6 நாள் மிச்சமாகுமா?”

“முழுசா 6 ஆகுமான்னு சொல்ல முடியாது அண்ணாச்சி, பாதிக்கு மேல ஆகும்.”

ஒத்துக்கொண்டார். வேலை முடிந்த அடுத்த ஸ்பிரிண்டில் பக்குக்குப் போனது 6 நாள். மிச்சமான 5 நாளையும் அவர் கேட்ட வேலைக்கே கொடுத்தோம். அதை அவர் கண்ணால் பார்த்ததுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பேசியது.

அதனால் 20% என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். பக்குக்கான நாட்கள் உங்கள் கடைசி மூன்று ஸ்பிரிண்டின் சராசரி, அதில் பேரமே கிடையாது. டெட்டுக்கான நாட்கள் தனி, அதற்கு வேலையின் பெயர் இருக்கணும். தீபாவளி மாதிரி நெருக்கடியில் டெட்டைப் பூஜ்யமாக்கலாம். பக் நாட்களைப் பூஜ்யமாக்கினால் பக் வராமல் இருக்கப்போவதில்லை, சொன்ன வேலைதான் கெடும்.

இப்போது ஒவ்வொரு பிளானிங்கிலும் அண்ணாச்சியே கேட்கிறார்: “அந்த 4 நாளு இந்தத் தடவ எதுக்கு?” போன தடவை ஃப்ரேம்வொர்க்கைப் புது வெர்ஷனுக்கு மாற்றணும் என்றேன். எந்தப் பக் குறையும் என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. 4 நாளும் ரூட் ரிப்போர்ட்டுக்குப் போனது.