அண்ணனுக்காக நீங்களே நிரப்பிய கட்டம்

கேள்வி: அப்பா தொடங்கிய அறக்கட்டளையின் இலவசத் தொழிற்பயிற்சி நிலையத்தை இப்போது நான் நிர்வகிக்கிறேன். சேர்ந்தவர்கள் இடையில் நிற்காமல் பயிற்சியை முடிப்பது, முடித்தவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் வேலை கிடைப்பது, பயிற்றுநர்களின் திறனை உயர்த்துவது என மூன்று முன்னுரிமைகளை அறங்காவலர்கள் சென்ற ஆண்டு தீர்மானித்தார்கள். வரவு செலவுத் திட்டத்தில் உள்ள 38 இனங்களுக்கு எதிரே, எது எந்த முன்னுரிமைக்கு உதவுகிறது என்று எழுதச் சொன்னேன். அவரவர் பகுதியை அவரவரே நிரப்பித் தந்தார்கள். அண்ணன் பார்த்துக்கொள்ளும் ஆண்டு மலருக்கு மட்டும், அவரைக் கேட்கச் சங்கடப்பட்டு, 'வேலைவாய்ப்பு' என்று நானே எழுதிவிட்டேன். மொத்தச் செலவு 100 பங்கு என்றால் மலருக்கு 6 பங்கு, வேலைவாய்ப்புப் பணிக்கு 3 பங்கு. 38 இனங்களுக்குமே ஏதாவதொரு முன்னுரிமை பொருந்திவிட்டதால் எதை நீக்குவதென்று தெரியவில்லை. எல்லாவற்றிலும் பத்து சதவீதம் குறைத்துவிடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது ஒரே ஒரு வாக்கியத்தைத்தான். அண்ணனைக் கேட்கச் சங்கடப்பட்டு அவருடைய கட்டத்தை நீங்களே நிரப்பினீர்கள். மற்ற எல்லோரிடமும் கேட்ட கேள்வியை ஒருவரிடம் மட்டும் கேட்காமல் விட்டது மரியாதை ஆகாது. அவர் அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல மாட்டார் என்று நீங்களாகவே தீர்மானித்துவிட்டீர்கள்; உடன்பிறந்தவரைப் பற்றி அப்படியொரு முடிவுக்கு வர உங்களுக்கு உரிமையில்லை. அதைவிடப் பெரிய தவறும் அதில் இருக்கிறது. அந்தப் பணம் உங்கள் அப்பாவின் சேமிப்பாகவோ, உங்கள் இருவரின் பங்காகவோ இப்போது இல்லை. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குரியது. அண்ணனுடைய மனம் நோகாமல் காக்க வேண்டுமானால் உங்கள் சொந்தப் பணத்தில் காக்கலாம். அவர்களுடைய பணத்தில் காக்கக் கூடாது.

38 இனங்களுக்கும் முன்னுரிமை பொருந்தியதன் காரணமும் அந்த ஒரு கட்டத்திலேயே தெரிகிறது. 'இது எந்த முன்னுரிமைக்கு உதவுகிறது?' என்று கேட்டால், தன் செலவைக் காப்பாற்ற நினைக்கும் எவரும் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதிவிடுவார். சொல் பொருந்தினால் போதும், செயல் பொருந்த வேண்டியதில்லை. நீங்கள் மலருக்கு எழுதியதும் அவ்வாறே. ஆகவே கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: 'இந்த இனத்தை முழுவதும் நீக்கினால், எந்த முன்னுரிமையின் எந்த எண், எத்தனை மாதத்தில், ஏறத்தாழ எவ்வளவு மாறும்? அதை எந்தப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?' இதற்கான பதிலைச் செலவுக்குப் பொறுப்பானவர் எழுதட்டும்; ஆனால் பொருந்துகிறதா என்று முடிவு செய்பவர் அந்தச் செலவோடு தொடர்பில்லாத ஒருவராக இருக்க வேண்டும். மலரின் விஷயத்தில் நீங்களும் அந்த இடத்தில் உட்காரக் கூடாது. உறவில்லாத ஓர் அறங்காவலரிடம் அதை ஒப்படையுங்கள்.

இந்தக் கேள்வி வேலை செய்ய வேண்டுமானால் முன்னுரிமைகளிலும் எண் இருக்க வேண்டும். உங்கள் முதல் இரண்டில் எண்ணுவதற்கு வழி இருக்கிறது: இடையில் நின்றவர்களை எண்ணலாம், ஆறு மாதத்தில் வேலை கிடைத்தவர்களை எண்ணலாம். 'பயிற்றுநர்களின் திறனை உயர்த்துவது' என்ற மூன்றாவதில் எந்தச் செலவையும் நுழைத்துவிடலாம்; சுற்றுலாவைக்கூட நுழைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எந்தப் பயிற்றுநர், எந்தப் பாடத்தில், எந்தத் தேர்வில் தேற வேண்டும் என்று அறங்காவலர்களை முதலில் எழுத வையுங்கள்.

இனி ஆண்டு மலரையே எடுத்துப் பார்ப்போம். 'ஆண்டு மலர், 6 பங்கு' என்று ஒரே வரியாக இருக்கும்வரை அதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. வவுச்சர்களை எடுத்து வைத்துக்கொண்டு அதைப் பிரிக்க வேண்டும். பேச்சுக்காக, அச்சுக்கு 3, அஞ்சலுக்கு 1, வடிவமைப்பவருடன் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு 1, அந்த வேலையைப் பார்க்கும் அலுவலகப் பணியாளரின் சம்பளத்தில் 1 என்று பிரிவதாகக் கொள்வோம். அடுத்து, மலர் யார் யாருக்கு அனுப்பப்பட்டது என்ற முகவரிப் பட்டியலையும், சென்ற ஆண்டு உங்கள் மாணவர்களை வேலைக்கு எடுத்த முதலாளிகளின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் இடம்பெறும் பெயர்கள் எத்தனை? அப்படி இடம்பெறுபவர்களைத் தொலைபேசியில் அழைத்து, எங்கள் மாணவரைப் பற்றி உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது என்று கேளுங்கள். மலரைப் பார்த்துத்தான் எடுத்தேன் என்று சிலராவது சொன்னால் அந்த இனம் தன் இடத்தைச் சம்பாதித்துக்கொண்டது. முகவரிப் பட்டியல் முழுவதும் உறவினர்களும் பழைய நண்பர்களுமாக இருந்தால், நீங்கள் எழுதிய 'வேலைவாய்ப்பு' என்ற சொல்லை உங்கள் கையாலேயே அடித்துவிடுங்கள்.

உங்கள் அண்ணன் அப்போது, மலரைப் பார்த்துத்தானே நன்கொடை வருகிறது என்று சொல்லக்கூடும். அது கேட்க வேண்டிய வாதம்தான்; ஆனால் அது வேறு வாதம். நிதி திரட்டும் செலவு, முன்னுரிமையின் பெயரில் ஒளிந்துகொள்ளாமல் நிதி திரட்டும் செலவாகவே நிற்க வேண்டும். அதற்குரிய சோதனை, அது கொண்டுவந்த தொகை அதன் செலவைவிட எவ்வளவு அதிகம் என்பது. மலர் வெளியான பின் வந்த ரசீதுகளை எடுத்து, மலர் கிடைத்தவர்களில் யார் யார் கொடுத்தார்கள், அவர்களில் மலர் இல்லாமலும் ஆண்டுதோறும் கொடுத்துவந்தவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துப் பாருங்கள். வழக்கமாகக் கொடுப்பவரின் பணத்தை மலரின் வரவாகக் காட்டக் கூடாது.

நீக்குவது என்று முடிவானால், 6 பங்கும் உடனே கைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். அச்சும் அஞ்சலும் சேர்ந்த 4 பங்கு இந்த ஆண்டே மிஞ்சும். வடிவமைப்பு ஒப்பந்தத்தில் எத்தனை மாத முன்னறிவிப்பு வேண்டுமென்று இருக்கிறதோ அதுவரை அந்த 1 பங்கு போய்க்கொண்டுதான் இருக்கும். பணியாளரின் சம்பளத்தில் உள்ள 1 பங்கு பணமாக மிஞ்சாது. அவருடைய நேரமாகத்தான் மிஞ்சும். அந்த நேரத்தை முதலாளிகளைத் தொடர்புகொள்ளவும், பயிற்சி முடித்தவர்கள் வேலையில் நிலைத்திருக்கிறார்களா என்று பார்க்கவும் எழுத்தில் ஒதுக்காவிட்டால், அது வேறு எதிலாவது கரைந்துபோகும். மிஞ்சும் பணத்தை வேலைவாய்ப்புப் பணிக்குத் திருப்பினால் அதன் 3 பங்கு இந்த ஆண்டு 7 ஆகும், ஒப்பந்தம் முடிந்த அடுத்த ஆண்டில் 8 ஆகும். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது: மலருக்கென்றே யாராவது எழுதிக் கொடுத்து நன்கொடை தந்திருக்கிறாரா என்று கடிதக் கோப்பைப் பாருங்கள். குறித்த நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்ட பணத்தை, கொடுத்தவரின் சம்மதமில்லாமல் வேறு பக்கம் திருப்பக் கூடாது.

எல்லாவற்றிலும் பத்து சதவீதம் குறைக்கலாமா என்ற கேள்விக்கும் இப்போது பதில் கிடைத்திருக்க வேண்டும். அப்படிக் குறைத்தால் மலர் 5.4 ஆகும், வேலைவாய்ப்பு 2.7 ஆகும். அறங்காவலர்கள் முக்கியம் என்று தீர்மானித்த பணி அப்போதும் மலரில் பாதியாகவே நிற்கும். ஏற்கெனவே போதாமலிருந்தது மேலும் மெலியும். ஒருவரிடமும் கடினமான வார்த்தை பேசாமல் தப்பிக்கும் வழி அது, அதனால்தான் பல குடும்ப நிறுவனங்கள் அதைத் தேடிப் போகின்றன.

முன்னுரிமைக்குப் பொருந்தாத எல்லாமே நீக்க வேண்டியவை என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். தணிக்கைக் கட்டணம், காப்பீடு, கட்டடப் பழுதுபார்ப்பு போன்றவை மூன்றில் எதற்கும் நேராக உதவாது. ஆனால் கூரை ஒழுகினால் வகுப்பு நடக்காது. இவற்றுக்கு 'கட்டாயம்' என்று தனி வகை வையுங்கள். எந்தச் சட்டம், எந்த ஒப்பந்தம், அல்லது செய்யாவிட்டால் எந்தச் சேதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதாமல் அந்த வகைக்குள் எதையும் விடாதீர்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு மலர் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

38 இனங்களையும் ஆண்டுதோறும் இப்படி அடியிலிருந்து சோதிக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். ஒவ்வொரு செலவும் சுழியிலிருந்து தொடங்கித் தன்னை நியாயப்படுத்த வேண்டும் என்ற முறையை ஜார்ஜியா மாநில ஆளுநராக இருந்தபோது கைக்கொண்ட ஜிம்மி கார்ட்டர், அமெரிக்கக் குடியரசுத் தலைவரானதும் 1977இல் நடுவண் அரசு முழுவதற்கும் கொண்டுவந்தார். காகிதம் குவிந்ததே தவிரப் பெரிய மாற்றம் வரவில்லை என்ற குறை எழுந்து, 1981இல் அடுத்து வந்த அரசு அதைக் கைவிட்டது. மூன்றில் ஒரு பகுதி இனங்களை ஓர் ஆண்டு என்று சுற்றில் வைத்துக்கொண்டால், மூன்று ஆண்டில் எல்லாமே ஒருமுறை முழுச் சோதனைக்கு வந்துவிடும். இந்த ஆண்டு வேலைவாய்ப்பின் பெயரைச் சொல்லிக்கொள்ளும் இனங்களை மட்டும் எடுங்கள்.

அண்ணனிடம் எப்போது சொல்வது என்றால், அறங்காவலர் கூட்டத்துக்கு முன்பு, அவர் வீட்டுக்குப் போய், அவர் எதிரில் உட்கார்ந்து சொல்லுங்கள். கூட்டத்தில் பத்துப் பேர் முன்னால் அவர் இதை முதன்முதலாகக் கேட்டால் அது அவருக்கு அவமானம். அந்தத் தவறு உங்களுடையதாகும். கட்டத்தை நீங்கள் நிரப்பியதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு வெற்றுக் கட்டத்தை அவர் கையில் கொடுத்து, முகவரிப் பட்டியலையும் ரசீதுகளையும் பார்த்து அவரே எழுதப் பதினைந்து நாள் கொடுங்கள். அப்பாவின் நினைவுக்காகத்தான் மலர் வர வேண்டும் என்று அவர் சொன்னால், அந்த நினைவு உங்கள் இருவருக்கும் உரியது என்பதால், செலவையும் நீங்கள் இருவரும் சொந்தமாகப் பகிர்ந்துகொள்ள நீங்களே முன்வாருங்கள்.

முடிவான பின் பேரேட்டில் 'ஆண்டு மலர்' என்ற கணக்குத் தலைப்பை மூடச் சொல்லுங்கள். சுழி ஒதுக்கீட்டோடு திறந்து வைத்தால் அதில் மறுபடி பற்று விழும். நான் கணக்குப் பார்த்த ஒரு நிறுவனத்தில் இப்படி நீக்கிய வெளியீடு ஒன்று, அடுத்த ஆண்டே 'தகவல் தொடர்பு' என்ற தலைப்பின் கீழ் அதே அச்சகத்தின் பில்லோடு திரும்பி வந்தது; தலைப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்த நான் அதைக் கவனிக்கவில்லை. ஆறாவது மாத முடிவில் தலைப்புகளை விட்டுவிட்டு, பணம் பெற்றவர்களின் பெயர்வரிசையைப் பாருங்கள்; உங்கள் அச்சகத்தின் பெயரும் வடிவமைப்பவரின் பெயரும் அதில் எங்கே வருகின்றன என்று தேடுங்கள்.