மூன்று வருடக் கணக்கில் 43 லட்சம்: யாருடைய கணக்கு?

கேள்வி: மருந்துக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்ய 12 லட்சம் ஆகும். 200 கடைகள் சேரத் தயார், கடைக்கு மாதம் 600 ரூபாய். இதே தொழிலில் இருப்பவர் மாதம் 5% கடைகள் கழன்றுபோகும் என்கிறார். சப்போர்ட் செலவு கடைக்கு 200 ரூபாயில் தொடங்கி மாதம் 3% குறையுமாம். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் போட்டவர் மூன்று வருடத்தில் 43 லட்சம் வரும் என்கிறார். இறங்கலாமா?

அந்த 43 லட்சம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 200 கடை, 600 ரூபாய், 36 மாதம், மூன்றையும் பெருக்கியிருக்கிறார், அவ்வளவுதான். ஒரு கடைகூட விலகாது என்று வைத்துப் போட்ட கணக்கு அது. மாதம் 5% போனால் ஒரு வருடம் கழித்து உங்களிடம் 108 கடைதான் இருக்கும், 36ஆம் மாதம் 33 கடை. மூன்று வருட வசூல் மொத்தம் 20 லட்சம் சொச்சம்தான். பின்னால் வரும் ரூபாய் இன்று கையில் இருக்கும் ரூபாய்க்குச் சமமில்லை, அதனால் அதையும் வட்டி கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். நான் மாதம் 1.5% எடுத்துக்கொள்கிறேன், அதாவது நூற்றுக்கு ஒன்றரை வட்டி, நம் ஊரில் கைமாற்று வாங்குகிறவருக்குத் தெரிந்த வட்டிதான். அதில் கழித்தால் வரவு 16.76 லட்சம். சப்போர்ட் செலவை நீங்கள் சொன்னபடியே குறைத்துக்கொண்டு போனால் 4.15 லட்சம். 12 லட்சத்தையும் எடுத்துவிட்டால் மிச்சம் சுமார் 61,000 ரூபாய். இதுதான் நிகர இன்றைய மதிப்பு. லாபம்தான், ஆனால் மயிரிழையில்.

இப்போது அந்தச் சப்போர்ட் வரியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இரண்டு பக்கமும் குறைகிறது: கடையும் குறைகிறது, கடைக்கான செலவும் குறைகிறது. அந்தக் கணக்குப்படி 36ஆம் மாதம் மொத்த சப்போர்ட் செலவு 2,288 ரூபாய்! யார் சார் 2,288 ரூபாய்க்கு போன் எடுப்பார்கள்? ஒரு பையனை வைத்தால் 15,000 சம்பளம், கடை 33 ஆனாலும் 108 ஆனாலும் அதே 15,000. 13ஆம் மாதமே செலவு அந்த அளவுக்கு வந்துவிடுகிறது, அதற்குக் கீழே இறங்காது. அப்படிப் போட்டால் சப்போர்ட் 5.45 லட்சம், மிச்சம் 69,000 ரூபாய் நஷ்டம். ஒரு வரியை மாற்றியதற்கே லாபம் நஷ்டமாகிவிட்டது.

ரிப்போர்ட் போட்டவர் இதையெல்லாம் சொல்ல மாட்டார். கடன் கிடைத்தால் அவருக்குக் கமிஷன். இன்னொரு வித்தையும் உண்டு: போன கடைகளையும் புதிதாக வந்த கடைகளையும் ஒன்றாகக் கழித்து "விலகல் 1%தான்" என்று காட்டுவது. மாத முதல் தேதியில் இருந்தவர்களில் மாதக் கடைசியில் எத்தனை பேர் பணம் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். மூன்று மாதமாகக் கட்டாமல் பட்டியலில் தொங்குகிறவர் போனவர்தான். ஒரு முறை ஒரு வங்கியில் விலகல் வரியோடு கணக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், எங்கள் படிவத்தில் வருடத்துக்கு 10% வளர்ச்சி என்றுதான் கட்டம் இருக்கிறது, விலகலுக்குக் கட்டம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கட்டம் இல்லாததால் வாடிக்கையாளர் விலகாமல் இருப்பாரா?

இந்த மாதா மாத விலகல் கணக்குக்கு ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கிறது, உங்களுக்கு அதுதான் வழி. வருடச் சந்தா முன்பணம். 7,200க்குப் பதில் 6,000 என்று சொல்லுங்கள், இரண்டு மாதம் இலவசம் என்றால் கடைக்காரர்கள் யோசிப்பார்கள். 200 பேரும் கட்டினால் முதல் நாளே 12 லட்சம் கையில். அடுத்த வருடம் 108 பேர் புதுப்பித்தால் 6.5 லட்சம், அதற்கடுத்த வருடம் 3.5 லட்சம். இன்றைய மதிப்பில் மொத்தம் 19.87 லட்சம். விலக நினைத்தவரும் வருடம் முடியும்வரை இருப்பார், அதனால் முதல் வருட சப்போர்ட் கூடும். 15,000 சம்பளத்தையும் சேர்த்து சப்போர்ட்டுக்கு 6.24 லட்சமும், மென்பொருள் செய்த 12 லட்சமும் போனால், மிச்சம் 1.63 லட்சம் லாபம். விலை குறைத்தும் லாபம் கூடுகிறது, காரணம் பணம் முன்னால் வருகிறது, விலகலும் மாதா மாதம் அரிக்காமல் வருடத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. ஆனால் புதுப்பிப்பவர்கள் 54% என்பது 40% ஆனால் மறுபடி சுமார் 89,000 நஷ்டம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், வந்த 12 லட்சத்தை வருமானம் என்று நினைத்துச் செலவழித்துவிடாதீர்கள், அந்த வருடம் முழுக்கச் செய்ய வேண்டிய வேலைக்கான பணம் அது.

எக்செல்லில் நீங்களே போட்டுப் பார்க்கலாம், B2 முதல் B37 வரை ஒவ்வொரு மாதத்துக்கும் வரவு கழித்தல் செலவு:

```
=NPV(1.5%,B2:B37)-1200000
```

12 லட்சத்தை அடைப்புக்குள் போடாதீர்கள், அந்தச் சூத்திரம் முதல் எண்ணையே ஒரு மாதம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். முன்பணம் முதல் நாளே வந்தால் அதையும் வெளியேதான் கூட்ட வேண்டும்.

சரி, இறங்கலாமா என்றால், 200 கடையும் தயார் என்கிறீர்களே, அவர்களிடம் வருட முன்பணத்துக்குக் காசோலை கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் கொடுக்கிறார்கள் என்று எண்ணிவிட்டு, அந்த எண்ணை வைத்துக் கணக்கை மறுபடி போட்டு அனுப்புங்கள்.