140 சொல்லில் எந்த 50 மிஞ்ச வேண்டும்?

"அருங்காட்சியகத்தில் இருக்கும் சோழர் காலச் சோமாஸ்கந்தர் செப்புத் திருமேனிக்குச் சுவர் விளக்கம் எழுதினேன். சோழர் வரலாறு, மெழுகு வார்ப்பு, சோமாஸ்கந்தர் யார், ஊர்வலம் எல்லாம் சேர்த்து 140 சொல். 50க்குள் வேண்டுமாம். எதை எடுத்தாலும் மனசு கேட்கவில்லை."

வெட்ட உட்காருவதற்கு முன்னால், எழுதியதை மேஜையிலேயே வைத்துவிட்டுத் திருமேனி முன் போய் நில்லுங்கள். உங்கள் சித்தி கூட வந்திருந்தால் "இங்க பாருங்க சித்தி" என்று எதைக் காட்டுவீர்கள்? நானாக இருந்தால் பீடத்தைக் காட்டுவேன். உற்சவத் திருமேனிகளின் பீடத்தில் துளையோ வளையமோ இருக்கும், கழியைச் செருகித் தூக்குவதற்கு. ஆக, இவர் வெளியே போவதற்கென்றே வார்க்கப்பட்டவர். பார்வையாளர் கொண்டுபோக வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

இனி ஒவ்வொரு வரியாக எடுத்து, இது ஊர்வலத்துக்கு உதவுகிறதா என்று கேளுங்கள். பெயர், காலம், ஊர், உலோகம் நான்கும் மேலே விவர வரியில் போகட்டும். அது 50இல் சேராது. மெழுகு வார்ப்பு நல்ல விஷயம்தான், ஆனால் அது வேறொரு கருத்து. கூடத்தில் எல்லாச் செப்புத் திருமேனிக்கும் அது பொது என்பதால் நுழைவாயில் பலகையில் ஒரே முறை சொன்னால் போதும். சோழர் வரலாறும் அங்கேதான். மிஞ்சியதை இப்படி எழுதலாம்:

"பீடத்தில் உள்ள துளைகளைப் பாருங்கள். அவற்றில் கழிகளைச் செருகி, இந்தத் திருமேனியைச் சுமந்து ஊர்வலம் போனார்கள். கருவறையில் இருக்கும் கல் மூர்த்தி இடம்விட்டு நகர்வதில்லை. திருவிழா நாளில் கோயிலை விட்டுத் தெருவுக்கு வருபவர் இவர். சன்னதிக்கு வர முடியாத முதியவரும் நோயாளியும் வாசலில் நின்றே கும்பிட்டார்கள்."

33 சொல். மீதியை நிரப்பத் தேவையில்லை. தமிழில் ஒரு சொல்லே வேற்றுமை, பன்மை எல்லாம் ஒட்டி நீண்டுவிடும். 50 சொல் பலகையில் நாம் நினைப்பதைவிட அதிக இடம் பிடிக்கும்.

என் முதல் வரைவில் ஆறாவதாக ஒரு வரி இருந்தது: "பட்டும் பூவும் மூடியிருந்ததால் இந்த உடலழகை அன்று யாரும் கண்டதில்லை." எனக்கு ரொம்பப் பிடித்த வரி. ஆனால் அது இரண்டாவது கருத்தைக் கொண்டுவருகிறது, அதோடு தப்பும்கூட. திருமஞ்சனத்தின்போது அலங்காரத்தைக் களைந்துவிடுவார்களே!

எழுதி முடித்ததும் விஷயம் தெரியாத ஒருவரை ஒரு முறை வாசிக்கச் சொல்லி, தாளை வாங்கிவிட்டு "என்ன இருந்தது?" என்று கேளுங்கள். "தூக்கிட்டுப் போவாங்களாம்" என்றால் சரி. "ஏதோ சோழர் காலம்" என்றால் முதல் வரியை மாற்றுங்கள். வாசிக்கும்போது அவர் கண் பீடத்துக்குப் போகிறதா என்றும் கவனியுங்கள்.

அப்புறம், அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் திருமேனியை நிறுத்தியிருக்கும் மேடையைப் பாருங்கள். பிடிமானக் கட்டையோ கண்ணாடிப் பெட்டியின் விளிம்போ துளையை மறைத்திருந்தால் "பாருங்கள்" என்ற முதல் வரியே வீண். கட்டையை நகர்த்தச் சொல்லுங்கள். முடியாதென்றால் துளை தெரியும் படம் ஒன்றைப் பலகையில் சேர்த்துவிடுங்கள்.