ஈரத்துணியை நம்பி ஓடாதீர்கள்

"லாஸ்பேட்டையில் இரண்டாவது மாடி வீடு. ராத்திரி ஹாலில் தீப்பிடித்தால், ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு பெட்ரூமிலிருந்து வாசலுக்கு ஓடிவிடலாமா?"

ஓடாதீர்கள். ஈரத்துணி கரித்தூளைக் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். ஆளைச் சாய்க்கும் கார்பன் மோனாக்சைடு துணி வழியாகத் தாராளமாக உள்ளே போகும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, ஆனால் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வதால், மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே மூளைக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. இப்போதைய சோபா, மெத்தையெல்லாம் பெரும்பாலும் ஃபோம். அது எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடும் சேர்ந்து வரும். தீ ஹாலில்தான் இருக்கும், பக்கத்து அறையில் தூங்கியவர் உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லாமல் இறந்துபோயிருப்பார்.

சூடான புகை முதலில் சீலிங்கில் போய் முட்டி, அப்புறம் அங்கிருந்து கீழ்நோக்கித் தடித்துக்கொண்டே வரும். நின்றால் தலை அதற்குள் இருக்கும். தரையிலிருந்து ஒன்று, இரண்டு அடி உயரத்தில்தான் கொஞ்ச நேரத்துக்காவது மூச்சுவிடும்படியான காற்று மிஞ்சும்.

அதனால் பெட்ரூம் கதவிலேயே குனிந்துவிடுங்கள். புறங்கையால் கதவைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் திறக்கவே கூடாது. சுடவில்லையென்றால் ஒரு விரல் இடுக்கு மட்டும் திறந்து பார்த்துவிட்டு, கையும் முழங்காலும் தரையில் ஊன்றிப் போங்கள். வயிறு தரையில் பட ஊர வேண்டாம், அது ரொம்ப மெதுவாகப் போகும். ஒரு கை சுவரை விடவே கூடாது, ஏனென்றால் புகையில் சொந்த ஹாலிலேயே திசை தெரியாமல் போய்விடும். ஒருநாள் பகலில் கண்ணை மூடிக்கொண்டு போய்ப் பாருங்கள்: சுவர், ஃப்ரிட்ஜ், செருப்பு ஸ்டாண்டு, வாசல்.

வாசலில் கிரில் கேட்டுக்குப் பூட்டு போடுகிறீர்களா? சாவி எங்கே? நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் ஹால் சுவரில், தலை உயரத்தில் ஓர் ஆணியில் தொங்கும், அதாவது புகைக்கு நடுவில். படுக்கும்போது அதைக் கட்டில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தவழ்வது எல்லா நேரமும் கைகொடுக்காது. ஆறிப்போன புகை தரைவரை இறங்கிவிடும். கீழே பார்க்கிங்கில் வண்டி எரிந்தால் மாடிப்படி முழுக்கப் புகைபோக்கியாகிவிடும், அங்கே குனிந்தாலும் நல்ல காற்று கிடையாது. தரையையொட்டியும் புகை இருந்தால் திரும்பிவிடுங்கள், வருகிற வழியில் ஒவ்வொரு கதவையும் சாத்திக்கொண்டே வாருங்கள். பெட்ரூம் கதவின் அடி இடுக்கில் அந்த ஈரத்துணியைத் திணியுங்கள், அதற்கு உண்மையான வேலை அங்கேதான். ஜன்னலுக்கோ பால்கனிக்கோ போய் 101 அல்லது 112-க்கு அடித்து, எந்த மாடி, தெருப்பக்கமா பின்பக்கமா என்று சொல்லுங்கள்.