நாற்பது அறை, இரண்டு நாள்: ரெவ்பார் பற்றிக் கேட்டவையும் பதில்களும்

அப்பாவோட லாட்ஜை இப்பதான் கவனிக்க ஆரம்பிச்சிருக்கேன் அக்கா. ஆக்குபன்சி, ஏடிஆர் ரெண்டையும் மேனேஜர் தினமும் அனுப்புறார். மூணாவதா ரெவ்பார்னு ஒண்ணு எதுக்கு?

அந்த இரண்டில் எதை எடுத்தாலும் பாதிக் கதைதான் தெரியும் தம்பி. நான் கணக்குப் பார்க்கிற ஹோட்டல் கொடைக்கானலில் இருக்கிறது, 40 அறை. ஒரு சனிக்கிழமையைச் சொல்கிறேன். 36 அறை போனது, அறை வருமானம் 1,08,000 ரூபாய். இதைப் போன 36 அறையால் வகுத்தால் 3,000. அது ஏடிஆர், விற்ற அறையின் சராசரி விலை. அதே பணத்தை இருக்கிற 40 அறையால் வகுத்தால் 2,700. அது ரெவ்பார். 40-இல் 36 போனதால் ஆக்குபன்சி 90 சதவீதம், அதை 3,000-ஆல் பெருக்கினாலும் இதே 2,700 வரும், எப்படிப் போட்டாலும் சரிதான்.

ஏடிஆருக்குக் காலி அறை கண்ணில் படாது. ஒரே ஒரு அறையை 5,000-க்கு விற்றுவிட்டு மீதி 39-ஐப் பூட்டி வைத்தாலும் ஏடிஆர் 5,000 என்றுதான் காட்டும். ஆக்குபன்சிக்கு விலை கண்ணில் படாது. 500 ரூபாய்க்கு விட்டால் எந்த லாட்ஜும் நிறையும். ரெவ்பாரில் மட்டும்தான் இந்த இரண்டு ஏமாற்றும் நடக்காது.

மாசக் கடைசியில எக்செல்ல தினசரி ஏடிஆருக்கு AVERAGE போட்டு, அதை மாச ஆக்குபன்சியோட பெருக்குறேன். சாஃப்ட்வேர் காட்டுற ரெவ்பாரோட ஒத்தே வரல மேடம். சாஃப்ட்வேர் தப்பா?

சாஃப்ட்வேர் சரி. தப்பு அந்த AVERAGE-இல் இருக்கிறது. எனக்கும் ஆரம்பத்தில் ஒரு முழு வாரம் இதிலேயே போயிற்று, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

மேலே சொன்ன சனிக்கிழமையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு செவ்வாய்க்கிழமை: 12 அறைதான் போனது, வருமானம் 21,600, ஏடிஆர் 1,800, ரெவ்பார் 540. இரண்டு நாள் ஏடிஆரையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 2,400 வருகிறது. ஆனால் உண்மையில் இரண்டு நாளிலும் சேர்ந்து 48 அறை விற்று 1,29,600 வந்திருக்கிறது. வகுத்துப் பாருங்கள், 2,700. சனிக்கிழமையின் 36 அறைக்கும் செவ்வாயின் 12 அறைக்கும் நீங்கள் ஒரே எடை கொடுத்துவிட்டீர்கள், அதனால்தான் 300 ரூபாய் காணாமல் போனது.

ஆக்குபன்சி 80-க்கு 48, அதாவது 60 சதவீதம். உங்கள் 2,400-ஐ வைத்தால் ரெவ்பார் 1,440 ஆகிறது. சரியான 2,700-ஐ வைத்தால் 1,620. தினசரி ரெவ்பாருக்கு AVERAGE போட்டிருந்தால் 2,700-ம் 540-ம் சேர்ந்து 1,620 என்று சரியாகவே வந்திருக்கும், ஏனென்றால் இரண்டு நாளும் வகுத்தது அதே 40-ஆல். ஏடிஆரில் வகுக்கும் எண் தினமும் மாறுகிறது. மாதத்துக்கு எதுவாக இருந்தாலும் எல்லா நாளின் வருமானத்தையும் அறைகளையும், ஏடிஆருக்கு விற்றவை, ரெவ்பாருக்கு இருப்பவை, முதலில் கூட்டிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு தடவை வகுங்கள்.

முப்பது வருஷமா தொழில்ல இருக்கேன்மா. காலி ரூம் ஒரு பைசா தராது. ரேட்டைக் குறைச்சாவது 90 சதவீதம் ஓட்டிடணும், இந்தக் கணக்கெல்லாம் அப்புறம்.

இன்றைக்குக் காலியாகப் போன அறையை நாளைக்கு இரண்டு தடவை விற்க முடியாது ஐயா. அந்த வகையில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஆள் இருக்கிற அறைக்குச் செலவும் உண்டு. அதே 40 அறையில் 1,500 ரூபாய்க்கு 36 அறை போனால் 54,000. 2,250 ரூபாய்க்கு 24 அறை போனாலும் அதே 54,000. ரெவ்பார் இரண்டிலும் 1,350. தாளில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்.

இப்போது காலை பதினொரு மணிக்கு ஹவுஸ்கீப்பிங் வண்டியோடு நடந்து பாருங்கள். ஒவ்வொரு செக்அவுட் அறையிலும் இரண்டு பெட்ஷீட், தலையணை உறை, டவல் எல்லாம் சலவைக்குப் போகிறது. சோப்பு, ஷாம்பு பாக்கெட், தண்ணீர் பாட்டில் வைக்க வேண்டும். கொடைக்கானல் குளிரில் கீசர் ஓடிக்கொண்டே இருக்கும். இதெல்லாம் சேர்த்து ஒரு அறைக்கு 350 ரூபாய் என்று வையுங்கள். 36 அறைக்கு 12,600, 24 அறைக்கு 8,400. ரெவ்பார் ஒன்றாக இருந்தும் ஒரு நாளைக்கு 4,200 ரூபாய் வித்தியாசம். ஏஜென்ட் கமிஷன் விலையோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால் அதை இதில் சேர்க்கவில்லை.

ஆனா 36 ரூம்ல ஆள் இருந்தா கீழே ரெஸ்டாரன்ட் ஓடுமேம்மா? அதை விட்டுட்டீங்களே.

ஆமாம், அதை நான் சொல்லியிருக்க வேண்டும். ரெவ்பார் அறைப் பணத்தோடு நின்றுவிடும், இட்லி தோசைப் பணம் அதில் வராது. உங்கள் கேள்விக்கு இப்படிப் பாருங்கள். கூடுதலாக வரும் 12 அறையும் சேர்ந்து அந்த 4,200-ஐ ஈடுகட்ட வேண்டும் என்றால், அறைக்கு 350 ரூபாய் ரெஸ்டாரன்டில் லாபமாக நிற்க வேண்டும். பில்லில் பாதி லாபம் என்றால் அறைக்கு 700 ரூபாய் பில் ஆக வேண்டும். விலை குறைத்ததால் வருகிற விருந்தாளி உங்களிடமே சாப்பிடுகிறாரா, பஸ் ஸ்டாண்ட் பக்கம் போகிறாரா என்பது உங்கள் ஊர் விஷயம். அறை எண் போட்ட ரெஸ்டாரன்ட் பில்களை ஒரு வாரத்துக்கு எடுத்து எண்ணினால் தெரிந்துவிடும்.

20 சதவீதம் தள்ளுபடி போடச் சொல்றாங்க. இப்ப 2,000 ரேட்டுல 20 ரூம் போகுது. எத்தனை போனா நஷ்டமில்ல?

வருமானம் குறையாமல் இருக்க 1,600-க்கு 25 அறை போக வேண்டும். பலரும் 24 என்று நினைத்துவிடுகிறார்கள். அறைச் செலவு 350-ஐயும் கணக்கில் எடுத்தால், இப்போது கையில் நிற்பது 33,000. தள்ளுபடிக்குப் பிறகு ஒரு அறையில் 1,250-தான் நிற்கும். 26 அறையில் 32,500, போதாது. ஆக 27.

அப்போ ரெவ்பார் 1,350ன்னா நாங்க ரூமை 1,350க்கு விக்கலாமா?

வேண்டாம்மா, அது விலைப் பட்டியலில் போடுகிற எண் இல்லை. 24 அறையை 2,250-க்கு விற்ற பிறகு பின்னால் திரும்பிப் பார்த்துப் போட்ட கணக்கு அது. எல்லா அறையையும் 1,350-க்கே விற்றால், 40-ம் போனால்தான் அந்த 1,350 ரெவ்பார் வரும். ஒரு அறை காலியானாலும் குறைந்துவிடும்.

மழைக்கு நாலு ரூம் ஒழுகுது. அதைக் கழிச்சிட்டு 36க்குக் கணக்குப் போடலாம்ல? நேத்து 27 போச்சு, 75 சதவீதம்னு ரிப்போர்ட் பண்ணிட்டேன்.

இன்றிரவு எத்தனை அறை விற்கலாம் என்று முன்மேசைக்குச் சொல்ல 36 சரியான எண். ஆனால் ஆக்குபன்சிக்கும் ரெவ்பாருக்கும் 40-ஐ வைத்தே போடுங்கள். 27-ஐ 40-ஆல் வகுத்தால் 67.5 சதவீதம். தொழிலில் பெரும்பாலும் பின்பற்றும் முறையில், ரிப்பேரில் இருக்கிற அறையும் இருக்கிற அறைதான். ஆறு மாதத்துக்கு மேல் அடைத்துப்போட்டால்தான் எண்ணிக்கையிலிருந்து எடுக்கலாம்.

இதில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நடு அறையில் பிளாஸ்டிக் வாளி வைத்து, சாவியைப் பலகையின் கடைசிக் கொக்கியில் மாட்டிவிடுவார்கள். அந்தக் கொக்கியில் சாவி தொங்கினால் அந்த அறை கணக்கில் இல்லை. ஜூலையில் மாட்டிய சாவி டிசம்பரிலும் அங்கேயே தொங்கியது. ஆக்குபன்சி நன்றாகத் தெரிந்ததால், தளத்துக்குப் பூச்சு போடப் பணம் கேட்க முதலாளியிடம் யாரும் போகவே இல்லை. மற்றவர்கள் ரிப்போர்ட்டில் இந்த வேலையைக் கண்டுபிடிக்க வேண்டுமா? அறை வருமானத்தை ரெவ்பாரால் வகுத்துப் பாருங்கள். 40 வராமல் 36 வந்தால் எதையோ கழித்திருக்கிறார்கள்.

போன வருஷம் ஒரு ரூமுக்கு 2,800 வந்துச்சு, இப்ப 2,625தான் வருது. ரேட்டைக் குறைக்கவே இல்லையே சார்?

நான் அக்காதான், பரவாயில்லை. நீங்கள் ஜிஎஸ்டியோடு சேர்த்துப் பார்க்கிறீர்கள். 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதம் 5 ஆனது. 2,500-க்கு 12 சதவீதம் சேர்த்தால் 2,800, 5 சேர்த்தால் 2,625. உங்கள் ஏடிஆர் அன்றும் இன்றும் 2,500-தான். வரி அரசுப் பணம், அது ஏடிஆரில் நுழையவே கூடாது. ஆனால் ஒன்று, அந்த 5 சதவீதத்தில் உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது. சோப்பு, சலவை, ரிப்பேருக்கு நீங்கள் கட்டும் வரி இப்போது செலவாகவே நிற்கும். ரெவ்பாரில் இது தெரியாது, ஆடிட்டரிடம் தனியாகக் கேளுங்கள். காலைச் சாப்பாட்டோடு சேர்த்து விற்கிற சிபி பிளான் என்றால், சாப்பாட்டுப் பங்கையும் கழித்துவிட்டு ஏடிஆர் போடுங்கள்.

எங்களுது மதுரை. மண்டபம் புக் பண்றவங்களுக்கு 15 ரூம் ஃப்ரீ. முகூர்த்த நாள்ல ஏடிஆர் எப்படிப் போடுறது?

உண்மையிலேயே இலவசமாகக் கொடுத்த அறை, அதாவது முதலாளியின் சொந்தக்காரருக்கோ புகார் செய்த விருந்தாளிக்கோ கொடுத்தது, விற்ற அறைகளில் சேராது. ஏடிஆரைத் தொடாது. உங்கள் 15 அறை அப்படி இல்லை. மண்டப வாடகைக்குள் அதன் விலை ஒளிந்திருக்கிறது. நான் செய்கிற வழி, மண்டபத்தையும் அறைகளையும் தனித்தனியாக விற்றால் என்ன வருமோ அந்த விகிதத்தில் தொகையைப் பிரிப்பது. மண்டபம் தனியாக 1,50,000, 15 அறை தனியாக 30,000, நீங்கள் வாங்கியது 1,50,000 என்றால், ஆறில் ஒரு பங்கான 25,000 அறைக் கணக்குக்கு வரும்.

எல்லோரும் இதை ஏற்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு மேனேஜர் முழுத் தொகையையும் மண்டபத்தில் போட்டு, 15 அறையையும் இலவசம் என்றே காட்டுகிறார், ஏடிஆர் சுத்தமாக இருக்கும் என்பது அவர் வாதம். ஆனால் அப்படிச் செய்தால் முகூர்த்த நாளில் ரெவ்பார் விழும். அறை நிறைந்த நாளையே மோசமான நாள் என்று படிக்க வேண்டிவரும். அவரோடு இன்னும் முடிவுக்கு வரவில்லை. உங்கள் விஷயத்தில் இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. முகூர்த்த நாளில் அந்த 15 அறையை வெளியே முழு விலைக்கு விற்றிருக்க முடியுமா? சென்ற ஆவணி, தை முகூர்த்தங்களில் அறை இல்லை என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீர்கள் என்று முன்மேசை நோட்டில் பார்த்து எழுதுங்கள், அதை வைத்துப் பேசலாம்.