எட்டு மணிக்குப் பிறகு புது மேட்ச் இல்லை

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. போனில் கேம் ஆட உட்கார்ந்தால், சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து வருவதில்லை. “ரெண்டே நிமிஷம்” என்பான், அரை மணி நேரம் ஆகிவிடும். போன வாரம் கோபத்தில் போனைப் பிடுங்கிப் பூட்டி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போனைத் திருப்பிக் கொடுக்கலாமா, வேண்டாமா? - ஒரு தாய்

பதில்: கொடுங்கள். ஆனால் அதற்கு முன் அவனிடம் ஒன்று கேளுங்கள்: “நீ ஆடுற கேம்ல ஒரு மேட்ச் முடிய எவ்வளவு நேரம் ஆகும்? நடுவுல விட்டா என்ன ஆகும்?”

பதில் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். நண்பர்களோடு குழுவாக ஆடும் ஆன்லைன் கேம்களை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. பாதியில் எழுந்தால் குழுவில் ஓர் ஆள் குறையும், கூட ஆடுபவர்கள் திட்டுவார்கள். பல கேம்களில் புள்ளிகள் போகும், கொஞ்ச நேரம் அடுத்த மேட்ச்சில் சேரவும் விடாது. “இப்பவே வை” என்றதும் அவன் எரிந்து விழுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி அந்த வயசு, அதை விடுங்கள்.

அதனால் ஆட்டத்தை எப்போது நிறுத்துவது என்று பேசாதீர்கள், கடைசி மேட்ச்சை எப்போது தொடங்கலாம் என்று பேசுங்கள். எட்டரைக்குச் சாப்பாடு, ஒரு மேட்ச் 25 நிமிடம் என்றால், எட்டு மணிக்குப் பிறகு புது மேட்ச் தொடங்கக் கூடாது. எட்டு மணிக்கு முன் தொடங்கியதை முடித்துவிட்டு வரட்டும். அதுவரை நீங்களும் கூப்பிட வேண்டாம். மீறினால் என்ன என்பதையும் அப்போதே பேசி வையுங்கள். மறுநாள் ஒரு மேட்ச் குறையும், அவ்வளவுதான். போனைப் பூட்டி வைப்பது வேண்டாம்.

இந்தப் பேச்சை அவன் ஆடிக்கொண்டிருக்கும்போதோ தோற்ற கையோடோ எடுக்காதீர்கள். எதிரெதிரே உட்கார வைத்தால் விசாரணை மாதிரி ஆகிவிடும். சேர்ந்து நடக்கும்போதோ துணி மடிக்கும்போதோ பேசலாம். “ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஆடுறேன்னு நினைக்கிற?” என்று கேட்டு, அவன் சொல்லும் கணக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு போன் செட்டிங்ஸில் எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் போனது என்று காட்டும் பக்கத்தை அவனையே திறக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் என்று சொன்னவன் மூன்றரை என்று பார்க்கும்போது, நீங்கள் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம். இருங்கள். அவனே ஏதாவது சொல்வான்.

முதல் வாரத்தில் எட்டு ஐந்துக்கு ஒரு மேட்ச் தொடங்கியிருக்கும், “அவனுங்க கூப்பிட்டாங்க” என்பான். கத்த வேண்டாம், மறுநாள் கணக்கில் குறையுங்கள். இரவு மட்டும் போன் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும், உங்களுடையதும் சேர்த்து.

இவ்வளவுக்குப் பிறகும் தூக்கம் கெட்டு, பள்ளிக்குப் போக மறுத்து, நேரில் பழகும் நண்பர்களையும் விட்டு, நிறுத்த நினைத்தும் முடியாமல் மாதக்கணக்கில் தவித்தால், வீட்டுக்குள் பேசித் தீராது. மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.